கதை இல்லாத படத்தில் எதைத் தேடுவது?

"படம் பரவாயில்லை. ஆனால், கதை எங்கே?"

கதைப்போக்கு இல்லாத திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருவோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் பார்த்துப் பழகிய படங்களில் நாயகனுக்கு ஒரு சிக்கல் வரும். இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம் வரும். கடைசியில் சிக்கல் தீரும். 'அடுத்து என்ன நடக்கும்?' என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டரை மணி நேரத்தைக் கடந்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு விடையே தராத படத்தின் முன் உட்கார்ந்தால், இருட்டில் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் இறங்குவதுபோல் இருக்கிறது.

ஆனால், கதை இல்லாத படத்தில் ஒழுங்கும் இல்லை என்று நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். இத்தகைய சோதனைத் திரைப்படங்களில் கதைக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும். படத்தை எடுத்தவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சிங்கப்பூர் இயக்குநர் டான் பின் பின் 2003ஆம் ஆண்டில் 'மணிக்கு 80 கிலோமீட்டர்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எடுத்தார். கிழக்கே சாங்கி விமான நிலையத்திலிருந்து மேற்கே துவாஸ் வரை, தீவு விரைவுச்சாலை வழியாக ஒரு கார் செல்கிறது. காரில் ஒரு படக்கருவி இருக்கிறது. காரின் வேகம் மாறாமல் மணிக்கு 80 கிலோமீட்டர். படம் 38 நிமிடம் ஓடுகிறது. நடுவில் எங்கும் வெட்டு இல்லை. அவ்வளவுதான் படம்.

இதைக் கேட்டதும், "இதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்? டாக்சியில் போனால் போதாதா?" என்று தோன்றலாம். சரியான கேள்விதான். ஆனால், டாக்சியில் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? கைப்பேசியைப் பார்க்கிறோம், போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பற்றி யோசிக்கிறோம். இந்தப் படமோ நம்மை எங்கும் போய்ச் சேரச் சொல்லவில்லை. அதனால் பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு வேலை இல்லை.

இப்போது விதியைக் கவனியுங்கள். வேகம் மாறக்கூடாது; காட்சியை வெட்டக்கூடாது. அழகான இடம் வந்தாலும் இயக்குநர் அங்கே நிற்க முடியாது. சலிப்பான இடம் வந்தாலும் அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. மரங்கள், அடுக்குமாடி வீடுகள், மேம்பாலம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஒரே நீதிதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 38 நிமிடம் சென்றால், கடக்கும் தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதாவது, படத்தின் நீளமே நம் நாட்டின் அகலம்! நாடு இன்னும் பெரியதாக இருந்தால் படமும் நீண்டிருக்கும். எத்தனை நிமிடம் படம் ஓட வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்யவில்லை. தீவு முடிவு செய்தது.

அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் ஓடும். தீவு விரைவுச்சாலை சிராங்கூன் சாலையைக் கடக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெற்கே போனால் லிட்டில் இந்தியா. பூக்கடை, நகைக்கடை, கோயில், தேக்கா நிலையம் என்று நமக்கு அது ஒரு முழு உலகம். விரைவுச்சாலையில் செல்பவருக்கோ அது ஒரு பெயர்ப்பலகை. சில நொடிகளில் பின்னால் போய்விடும். அதேபோல் தோ பாயோவில் வளர்ந்தவருக்குத் தோ பாயோ ஓர் உலகம். அதுவும் சில நொடிகள்தான். இதைப் படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேகத்தை மாற்றக்கூடாது என்ற விதியிலிருந்து இந்த எண்ணம் தானாகவே பிறக்கிறது.

ஆகவே, படம் தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடங்களில் 'கதாநாயகன் யார்?' என்று தேடாதீர்கள். படக்கருவி நகர்கிறதா, நிற்கிறதா? காட்சிகள் நீளமானவையா, சட்டென்று மாறுகின்றனவா? யாராவது பேசுகிறார்களா? இந்தப் படம் எதைச் செய்ய மறுக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியே மிகவும் பயன்படும். படம் எத்தனை நிமிடம் ஓடும் என்பதை முன்பே தெரிந்துகொள்வதும் நல்லது. 'எப்போது முடியும்?' என்ற தவிப்புதான் பலரை எழுந்து போக வைக்கிறது.

விதி எல்லாப் படங்களிலும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. அதே இயக்குநர் 2005இல் உருவாக்கிய 'சிங்கப்பூர் காகா' 55 நிமிடப் படம். அதிலும் கதை இல்லை. ஆனால், வெட்டு இல்லாத ஒரே காட்சியும் இல்லை. அதில் பலர் வந்து போகிறார்கள். சுரங்கப்பாதையில் பாடிப் பணம் பெறும் பாடகர் வருகிறார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, பாட்டுப் பாடி, டிஷ்யூ தாள் விற்கும் பெண்மணி வருகிறார். பெருவிரைவு ரயில் அறிவிப்புகளில் நாம் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரர் வருகிறார். பொம்மையைப் பேச வைக்கும் கலைஞர் விக்டர் கூ, தம் பொம்மை சார்லியுடன் வருகிறார். இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை.

முதலில் பார்ப்பவருக்கு இது துண்டு துண்டாகத் தெரியும். பத்து நிமிடம் கழித்து, இவர்களுக்குள் பொதுவானது எது என்று கேட்டுப் பாருங்கள். எல்லாருமே ஏதோ ஓர் ஒலியை எழுப்புகிறார்கள். அதுதான் விதி: நகரத்தைக் காதால் பார்ப்பது. இதைப் புரிந்துகொண்ட பின், துண்டுகள் ஒன்றோடு ஒன்று பேசத் தொடங்குகின்றன. ரயில் அறிவிப்பும் டிஷ்யூ விற்பவரின் பாட்டும் ஒரே மாதிரியானவை. இரண்டும் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப ஒலிப்பவை; இரண்டையும் நாம் காதில் வாங்காமல் நடப்பவர்கள். ஒன்று பதிவு செய்யப்பட்ட குரல், மற்றொன்று பிழைப்புக்காகப் பாடும் குரல் என்பதுதான் வேறுபாடு.

இப்படத்தில் ஒலிக்கும் மொழிகளையும் கவனிக்க வேண்டும். அரபு வருகிறது, லத்தீன் வருகிறது, ஹைனானீஸ் போன்ற சீனக் கிளைமொழிகளும் வருகின்றன. இவை நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் அடங்காதவை. 1979ஆம் ஆண்டில் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கிய பின் கிளைமொழிகளின் இடம் சுருங்கியது என்பதை அறிந்தவருக்கு அந்தக் குரல்கள் வேறு விதமாகக் கேட்கும். அறியாதவருக்கும் 'இந்த மொழியை நான் எங்கே கேட்டேன்? தாத்தா பாட்டி தலைமுறையினர் பேசிக் கேட்டதோ?' என்ற எண்ணமாவது வரும். படம் இதை விளக்குவதில்லை. நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பிறந்து உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் மார்கரெட் லெங் டான், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய பொம்மைப் பியானோவின் முன் அமர்கிறார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952இல் உருவாக்கிய படைப்பை நிகழ்த்துகிறார். அதன் பெயர் 'நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடி'. அந்தப் படைப்பில் கலைஞர் ஒரு சுரத்தைக்கூட வாசிக்கக் கூடாது!

கேட்டால் கேலிபோல் இருக்கும். ஆனால், வாசிப்பு இல்லாதபோது காது சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள ஒலியைத் தேடிப் போகிறது. கச்சேரி மண்டபத்தில் அது பார்வையாளரின் இருமலாகவோ நாற்காலியின் கிறீச்சிடலாகவோ இருக்கலாம். கீழ்த்தளம் என்றால் அது நம் அன்றாட வாழ்க்கையின் ஒலி. 'இசை எப்போது தொடங்கும்?' என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தொடங்கிவிட்டது என்று உணர்ந்தவருக்கு அந்த இடமே கச்சேரி. கதை இல்லாத படத்தைப் பார்க்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கண்டதில்லை.

இங்கே பலர் வேறொரு பக்கமாக வழுக்கி விழுவதும் உண்டு. கதை கிடைக்காததால் எல்லாவற்றையும் குறியீடாக மாற்றிவிடுவார்கள். "டிஷ்யூ விற்பவர் என்றால் ஏழ்மை, பொம்மை என்றால் அடிமைத்தனம்" என்று பொருள் எழுதத் தொடங்குவார்கள். தேர்வுக்கு விடை எழுதும் பழக்கம் போலும்! அப்படிச் செய்தால், அந்தப் பெண்மணி எப்படிப் பாடினார், எங்கே மூச்சு வாங்கினார், கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்களா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். முதலில் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். பொருள் பிறகு வரட்டும்.

அதற்காகக் கதை இல்லாத படமெல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. சலிப்பூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத படங்களும் உண்டு. விதியைக் கண்டுபிடித்த பிறகும் படம் புதிதாக எதையாவது காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால், குறை உங்களுடையது அன்று. இன்னொரு சோதனையும் செய்யலாம். காட்சிகளை மனத்துக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். சிலவற்றை நீக்கியும் பாருங்கள். விரைவுச்சாலைப் படத்தில் ஒரு நிமிடத்தை நீக்கினாலும் தீவில் ஓர் ஓட்டை விழும். 'சிங்கப்பூர் காகா'வில் சில பகுதிகளை முன்பின்னாக மாற்றினால் பெரிய இழப்பு இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், ஒரு குரலை எடுத்துவிட்டால் நகரம் அந்த அளவுக்கு ஊமையாகிவிடும். எதை எடுத்தாலும் எதுவும் குறையாத படத்தை மட்டும் தயங்காமல் குறை சொல்லலாம்.

திரைப்படம் பார்க்கும் முன் சற்றுப் பழகிக்கொள்ள விரும்பினால், சிராங்கூன் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். கைப்பேசி வேண்டாம். எதிரே உள்ள ஒரு கடையின் வாசலை மட்டும் பார்ப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு பாருங்கள்: பூத்தொடுப்பவர் எத்தனை பூவுக்கு ஒருமுறை நூலை இழுத்து முடிகிறார், பேருந்து வந்து மறைக்கும்போது கடையிலிருந்து எந்த ஒலி மட்டும் நம்மை வந்தடைகிறது, பேருந்து போன பின் வாசலில் எது மாறியிருக்கிறது. பக்கத்தில் ஒரு நண்பரையும் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் முடிந்ததும் இருவரும் பார்த்ததைச் சொல்லி ஒப்பிடலாம்.