பதினான்கு வேலை நாள் கழிந்தும் பதில் வராவிட்டால்

கந்தப்பளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து எமது சங்கக் கிளைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஈ.பி.எஃப். பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அரச அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருப்பார்கள். ஒரு மாதமாகியும் பதில் வந்திருக்காது. நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டால், "அந்த வேலையைப் பார்க்கிற கிளார்க் இன்று லீவு, அடுத்த கிழமை வாங்க" என்பார்கள். அடுத்த கிழமையும் அதே பதில்தான். போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர் போகிறது.

இப்படி மறுபடி மறுபடி நடப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பது எமது கருத்து. நினைவூட்டல் கடிதம் எழுதுவதும் வேண்டாம். காலக்கெடு முடிந்த மறுநாளே மேலதிகாரிக்கு மேன்முறையீடு போட வேண்டும்.

"மாட்டோம் என்று கடிதம் வந்தால்தானே அப்பீல் போடலாம்? இங்கே ஒன்றுமே வரவில்லையே?" என்று பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, மேன்முறையீடு செய்யக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, சட்டம் விதித்த காலத்துக்குள் செயற்படாமல் இருப்பதைத் தனிக் காரணமாகவே வைத்திருக்கிறது. மறுப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அலுவலகம் மௌனமாக இருந்ததே போதும்.

ஆனால் அதே பிரிவில் எமது ஆட்களைத் தவறவிடுகிற ஒரு வரியும் உண்டு. காரணம் தெரியவந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் இந்த மேன்முறையீட்டைச் செய்ய வேண்டும். நகரத்துக்கு இரண்டு தடவை போய்வந்து, ஒரு நினைவூட்டல் கடிதமும் அனுப்பிவிட்டுப் பார்த்தால் அந்த 14 நாளும் கரைந்து போயிருக்கும். எம்மால் தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதித்தோம் என்று அந்த மேலதிகாரியைத் திருப்திப்படுத்தினால், பிந்திய மேன்முறையீட்டையும் அவர் ஏற்கலாம். "கிளார்க் லீவு என்றார்" என்பதை அவர் அப்படிப்பட்ட காரணமாக எடுப்பார் என்று நம்பி இருக்கக் கூடாது.

நாட்களை ஒரு தடவை எண்ணிப் பார்ப்போம். கந்தப்பளையில் ஒரு தோட்டத்தின் தொழிலாளர்கள், தங்கள் தோட்டத்தின் சேமலாப நிதிக் கட்டணம் கடந்த இரண்டு வருடங்களில் எந்தெந்த மாதங்களுக்கு நிலுவையில் இருக்கிறது, அதை அறவிட என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு, 2025 மார்ச் 3ஆம் திகதி திங்கட்கிழமை தொழில் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. 13ஆம் திகதி போயா, அதுவும் இல்லை. 4ஆம் திகதியை முதல் நாளாக எண்ணினால் 14ஆவது வேலை நாள் மார்ச் 24ஆம் திகதி. அன்று மாலை வரை ஒன்றும் வராவிட்டால், 25ஆம் திகதியிலிருந்து மேன்முறையீட்டுக் காலம் ஓடத் தொடங்குகிறது. இந்த 14 நாள் சாதாரண நாட்கள் என்று எடுத்துக்கொண்டு எண்ணுவதே பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் ஏப்ரல் 7ஆம் திகதிக்குள் மேன்முறையீடு அலுவலகத்தில் இருக்க வேண்டும். கடைசி நாளுக்கு விட்டுவைக்காமல் மார்ச் 27ஆம் திகதியே கொடுத்துவிட்டால் நல்லது.

நீலகிரிக்குத் திரும்பிப் போன எமது உறவினர்கள் அங்குள்ள வழக்கத்தைச் சொல்லும்போது இங்கே குழப்பம் வருகிறது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுமுறையும் சேர்த்து 30 நாள், அதன் பின் முதல் மேன்முறையீட்டுக்கு இன்னும் 30 நாள். இங்கே இரண்டு காலமும் குறைவு.

மேன்முறையீடு யாருக்குப் போக வேண்டும்? அதே நிறுவனத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட மேலதிகாரிக்கு. சட்டம் அவரைக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்கிறது. விண்ணப்பத்தைக் கொடுக்கும் நாளிலேயே அவருடைய பதவியையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. விண்ணப்பம் கொடுத்த திகதி, கேட்ட தகவல் கேட்ட சொற்களிலேயே, 14 வேலை நாள் முடிந்த திகதி, இதுவரை பதில் இல்லை என்பது, 31ஆம் பிரிவின்படி மேன்முறையீடு செய்கிறோம் என்பது, தகவலைத் தருமாறு பணிக்க வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவும் போதும். எமது ஆட்கள் எழுதும் கடிதங்களில் துரை திட்டியது, லயத்துக் கூரை ஒழுகுவது எல்லாம் வந்துவிடுகிறது. அவையெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை. முதலில் கேட்காத புதிய கேள்வியையும் இதில் நுழைக்கக் கூடாது. அதற்கு வேறு விண்ணப்பம் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை முதல் விண்ணப்பத்துக்கான பற்றுச்சீட்டு. திகதி போட்ட அந்தத் துண்டு இல்லாவிட்டால், "எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவணங்கள் மிக அதிகம் என்பது போன்ற காரணத்தைச் சொல்லி, மேலும் 21 நாள் வரை தேவை என்று தகவல் அலுவலர் உரிய காலத்துக்குள் அறிவித்திருந்தால் அது மௌனம் ஆகாது. அந்தக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். அதேபோல, இந்த மேன்முறையீட்டால் நிலுவைப் பணம் வந்துவிடாது. அலுவலகத்திடம் இருக்கிற தகவல் மட்டுமே வரும். தோட்டம் முழுவதற்குமான நிலுவையைக் கேட்கலாம், தன் சொந்தக் கணக்கையும் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

"அதே ஒபீஸ்காரனிடமே முறையிட்டு என்ன பலன்?" என்ற சந்தேகம் நியாயமானதுதான். எத்தனையோ மேலதிகாரிகள் கீழே இருப்பவரின் பக்கமே நிற்பார்கள். ஆனாலும் இந்தப் படியைத் தாண்டாமல் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போக முடியாது. பத்திரிகையாளர் சாமர சம்பத், சொத்து விபரம் கொடுத்த எம்.பி.மாரின் பட்டியலை 2018 ஜூனில் பாராளுமன்றத்திடம் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. அவர் ஆணைக்குழு வரை போனார். 2021 பெப்ரவரியில் தகவலைக் கொடுக்கும்படி ஆணைக்குழு உத்தரவிட்டது. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்த உத்தரவை உறுதிசெய்தது. மேலே போகப் போகக் காலம் நீளும் என்பதற்கும் அதுவே சாட்சி. அதனால்தான் கீழ்ப்படியில் ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்கிறோம்.

எமது கணக்குக்கே திரும்புவோம். மார்ச் 27ஆம் திகதி மேன்முறையீடு கையளிக்கப்பட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் அதற்கும் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காரணத்தோடு முடிவைச் சொல்ல வேண்டும். அது ஏப்ரல் 17ஆம் திகதி. இடையில் சித்திரைப் புத்தாண்டு வருகிறது, தோட்டத்திலும் ஊரிலும் அதே பேச்சாக இருக்கும், திகதி மறந்து போகும். கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றும் பதில் இல்லையென்றால், அங்கிருந்து இரண்டு மாதத்துக்குள், அதாவது ஜூன் 17ஆம் திகதிக்கு முன், விண்ணப்பம், மேன்முறையீடு, இரண்டின் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளோடு ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

எழுதக் கஷ்டமாக இருந்தால் பற்றுச்சீட்டோடு கிளைக்கு வாருங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறோம். 14ஆவது நாள் கழிந்த பிறகு வராமல், விண்ணப்பம் போட்ட கிழமையிலேயே வந்தால் இரு பக்கத்துக்கும் வேலை சுலபம்.