நூற்றில் எத்தனை பேர்?

சென்ற மாதம் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தனர். கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் முன்நீரிழிவு கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தார்; சோற்றைக் குறைத்தார்; தேநீரில் சர்க்கரையை விட்டார். இம்முறை பரிசோதித்தபோது நீரிழிவே வந்திருந்தது. அவர் தலை குனிந்து அமர்ந்திருக்க, மனைவிதான் கேட்டார்: "இவ்வளவு செய்தும் வந்துவிட்டதே ஐயா, அப்படியென்றால் நீங்கள் சொன்னது பொய்யா, இல்லை இவர் எனக்குத் தெரியாமல் ஏதாவது தின்றாரா?"

இரண்டும் இல்லை என்று சொன்னோம். ஆனால் ஏன் இல்லை என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் மனம் ஏற்கும்படி விளக்க முடியவில்லை. அந்தக் கேள்வியையே அவ்வார வகுப்பில் முதுநிலை மாணவர்கள் முன் வைத்தோம். அங்கே போட்ட கணக்கை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பள்ளிக் கணக்கில் கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கணக்குக்கு எடுத்துக்கொண்டது நம் ஊர் ஆய்வுதான். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. முன்நீரிழிவு உள்ள 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும். உடலுழைப்பு இல்லாதவர்களை நாள்தோறும் அரைமணி நேரமாவது விரைந்து நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர்களிடம் அதைத் தொடரச் சொன்னார்கள்.

மூன்று ஆண்டுகளில் முதற்குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்து, உணவைக் கட்டுப்படுத்திய குழுவில் நூற்றுக்கு 39.3 பேருக்கு வந்தது. மாணவர்களிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் தந்து, ஒருவருக்கு நோய் வராமல் காக்க எத்தனை பேர் நடக்க வேண்டும் என்று கேட்டோம்.

ஒருவர் உடனே மூன்றரை என்றார். அவர் செய்த பிழை எங்கும் நடப்பதுதான். 55இல் 15.7 குறைந்திருக்கிறது; அது 55இல் ஏறத்தாழ 28.5 சதவீதம். அறிக்கைகளில் இந்த எண்தான் தலைப்பில் நிற்கும். அவர் 100ஐ 28.5ஆல் வகுத்துவிட்டார். வகுக்க வேண்டியது கழித்து வந்த மீதியால். 55இலிருந்து 39.3 போக 15.7. நூறு பேர் நடந்தால் 15.7 பேருக்கு நோய் தவிர்கிறது என்றால், ஒருவருக்குத் தவிர 100ஐ 15.7ஆல் வகுக்க வேண்டும். விடை 6.4. மனிதரைப் பின்னமாக்க முடியாது என்பதால் அதை ஏழு என்று மேல்நோக்கி முழுமையாக்குவோம். ஒருவர் பயன்பெறச் சிகிச்சை பெற வேண்டியோர் எண்ணிக்கை என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அந்த எண்ணோடு 'மூன்று ஆண்டுகளில்' என்ற சொல்லும் சேர்ந்தே வர வேண்டும். காலத்தைச் சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை.

இனி அந்த ஏழு பேரை ஒரு திண்ணையில் உட்கார வைத்துப் பார்ப்போம். யாரும் நடக்காவிட்டால் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ நால்வருக்கு நீரிழிவு வரும். ஏழு பேரும் நடந்தால் ஏறத்தாழ மூவருக்கு வரும். அதாவது மூவருக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் வராது. மூவருக்கு நடந்தும் வருகிறது. ஒருவர் தப்புகிறார். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களால் இயலாது, பின்னரும் இயலாது.

ஆலங்குடிக்காரர் இந்தத் திண்ணையில் 'நடந்தும் வந்த' மூவரில் ஒருவர். அவரைப் போல் அந்த ஆய்விலும் ஒழுங்காக அறிவுரை பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் இருந்தார்கள். அவர் ஒளித்து இனிப்புத் தின்றார் என்பதற்கு இந்த நோய் சான்றாகாது. வீட்டில் எத்தனையோ சண்டை இதனால் நடக்கிறது. அதற்கு எங்களுக்கும் பங்கு உண்டு. "நடந்தால் சர்க்கரை வராது" என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புகிறவர்கள் நாங்கள்தானே.

வகுப்பில் அடுத்து அமெரிக்க ஆய்வு ஒன்றை எடுத்தோம். 2002இல் வெளியான அதில், நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவை 58 சதவீதம் குறைத்தன. நம்முடையது 28.5 தானே, அவர்கள் முறை இரட்டிப்புச் சிறந்ததா என்று மாணவர்கள் கேட்டனர். கழித்துப் பார்க்கச் சொன்னோம். அங்கே ஒப்பீட்டுக் குழுவில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 28.9 பேருக்கு நோய் வந்தது. பயிற்சி பெற்றவர்களில் 14.4. வேறுபாடு 14.5. ஒருவரைக் காக்க அங்கும் ஏழு பேர்தான். சதவீதத்தில் இரட்டிப்பாகத் தெரிந்தது, ஆட்கணக்கில் ஒன்றாகிவிட்டது. சென்னையில் இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு தொடக்கத்திலேயே மிக அதிகம் என்பதே காரணம்.

இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். நாள் முழுதும் வயலில் நிற்கும் ஓர் அறந்தாங்கி விவசாயிக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே 28.5 சதவீதம் குறைந்தால் 5.7 பேர் தப்புவார்கள். ஒருவரைக் காக்க 18 பேர் தேவை. எனவே சென்னையின் 6.4 கல்வெட்டில் பொறித்த எண்ணாக நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மேலும், மூன்று ஆண்டுகளில் வரவில்லை என்றால் பிறகு வரவே வராது என்பதற்கும் அந்த எண் உறுதி தராது. தள்ளிப்போனதும் அதில் அடங்கும்.

மாத்திரையைப் பற்றியும் ஒன்று. மெட்ஃபார்மின் மட்டும் பெற்றவர்களில் 40.5 பேருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 39.5 பேருக்கும் நோய் வந்தது. நடந்துகொண்டிருப்பவருக்கு மேலே மாத்திரை சேர்த்ததால் அந்த ஆய்வில் கூடுதல் பயன் தெரியவில்லை. இது முன்நீரிழிவு நிலைக்கான செய்தி. நீரிழிவு வந்துவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கான கணக்கு வேறு.

எந்தச் சிகிச்சையைப் பற்றி "பாதியாகக் குறைக்கும்" என்று மருத்துவர் சொன்னாலும், உடன் வந்தவர் தயங்காமல் கேட்கலாம்: என்னைப் போன்ற நூறு பேரில் இது இல்லாமல் எத்தனை பேருக்கு வரும், இதனால் எத்தனை பேருக்கு வரும், எத்தனை ஆண்டுகளில்? விடை எங்களுக்கு உடனே தெரியாமலும் போகலாம். தேடிச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

அந்தத் தம்பதி இரண்டு வாரம் கழித்து வந்தபோது ஒரு தாளில் ஏழு வட்டம் போட்டுக் காட்டினோம். மனைவி விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இனி நடப்பதா வேண்டாமா என்று கேட்டார். நடக்கட்டும், வந்த சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் நடை உதவும் என்றோம்.