முதலில் தோளைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு கேள்வி எழும். சட்டையைக் கடையில் வாங்குவதா, தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பதா? பெரும்பாலோர் விலையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் தோளைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆயத்தச் சட்டையை அணிந்து கண்ணாடி முன் நில்லுங்கள். சட்டைக் கையை இணைக்கும் தையல், உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். அது கீழே இறங்கியிருந்தால் சட்டை பெரிது; கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால் சிறிது. இதைப் பின்னர் சரிசெய்வது கடினம். கையைப் பிரித்து, தோளை வெட்டி, மீண்டும் பொருத்த வேண்டும். சில தையற்காரர்கள் இந்த வேலையை ஏற்கவே மாட்டார்கள். இடுப்புப் பகுதி தொளதொளவென்று இருப்பது பெரிய குறையன்று. பக்கத் தையலை உள்ளே பிடித்துவிடலாம்.

ஆகவே, தோள் பொருந்தினால் ஆயத்தச் சட்டையே சிக்கனம். சட்டை 60 ரிங்கிட், பக்கங்களைப் பிடிக்கக் கூலி 15 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75 ரிங்கிட். தைப்பதாக இருந்தால், மீட்டர் 20 ரிங்கிட் விலையில் இரண்டரை மீட்டர் துணிக்கு 50 ரிங்கிட், தையற்கூலி 60 ரிங்கிட் என மொத்தம் 110 ரிங்கிட் ஆகிவிடும்.

ஆனால், என் அண்ணன் மகனுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவன் ஒல்லியானவன், கைகளோ நீளம். 'எம்' அளவுச் சட்டையில் தோள் சரியாக இருக்கும். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். 'எல்' அளவில் கை எட்டும், தோள் சரிந்துவிடும். நீளமான கையைக் குறைக்கலாம். குட்டையான கையை நீட்டத் துணிக்கு எங்கே போவது? அவனுக்கு அந்த 35 ரிங்கிட் வீண்செலவன்று.

மேலும், அவன் வளரும் பிள்ளை. ஆயத்தச் சட்டைகளின் தையலுக்குள் பெரும்பாலும் மிகக் குறைந்த துணியே இருக்கும். தைக்கும் சட்டையிலோ, துணியை வெட்டுமுன் சொல்லிவிட்டால், தையற்காரர் பக்கத் தையலில் கூடுதல் துணி விட்டுவைப்பார். அடுத்த ஆண்டு பிரித்து அகலப்படுத்தலாம். வெளுத்துப்போன அடர்நிறத் துணியில் பழைய தையல் கோடு தெரியும் என்பது உண்மைதான். அதனால் நான் வெளிர்நிறத்தையே பரிந்துரைப்பேன்.

துணியை நாமே தேர்ந்தெடுப்பதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் நாட்டு வெயிலுக்குப் பருத்தி ஏற்றது. ஆனால் நனைந்தால் அது சுருங்கக்கூடும். சென்ற ஆண்டு துணியை நனைக்காமலே தைக்கக் கொடுத்துவிட்டோம். முதல் சலவையிலேயே கை மீண்டும் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது! இந்த ஆண்டு துணி வாங்கிய அன்றே, அவனே அதை வாளித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டான்.