வளர்ச்சிக் கட்டணம் கட்டியாச்சு... குப்பை வண்டி ஏன் வரல? புது மனைப்பிரிவுக்காரர்கள் கேட்க வேண்டியது என்ன?

திருச்சி மாவட்டம் உப்பிலியபுரம் மாதிரியான ஊர்களில் புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பணம் கட்டின ரசீது இருக்கு, குப்பை வண்டிதான் வரல." அந்த ரசீது எதற்கானது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எந்தப் பணம்?

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறைத் திட்டத்தில், 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வாய்ப்பு கிடைத்தது. அப்போது மனை வாங்கியவர்கள் கட்டியதில் முக்கியமானவை இரண்டு தொகை. வரன்முறைக் கட்டணம், விதிமீறலைச் சரிசெய்ய. வளர்ச்சிக் கட்டணம், சாலை, வடிகால் போன்ற வசதிகளுக்காக. மனுவில் முதலில் காட்ட வேண்டியது இரண்டாவது ரசீதைத்தான்.

குப்பைக்கான கட்டணம் தனி. அது வீட்டுக்குச் சொத்து வரி விதித்த பிறகு வருவது. காலிமனை வரி ரசீதை மட்டும் நீட்டினால், "அங்கே வீடே இல்லையே" என்று பதில் வரலாம்.

சாலை யார் பெயரில்?

பலரும் கவனிக்காத இடம் இது. மனைப்பிரிவுச் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தனியார் இடம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால், பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மனு யாருக்கு?

உப்பிலியபுரம் ஒரு பேரூராட்சி. அதே பெயரில் ஊராட்சி ஒன்றியமும் இருக்கிறது. மனை பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் செயல் அலுவலரிடம் மனு. எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குள் இருந்தால் ஊராட்சி மன்றமும் வட்டார வளர்ச்சி அலுவலரும். தப்பான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயும் இங்கேயும் அலைந்துகொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு, 40 மனைகளில் 15 வீடுகளில் ஆள் குடியிருந்தால், அந்த 15 வீட்டின் சொத்து வரி எண்கள், வளர்ச்சிக் கட்டண ரசீதுகள், தானப் பத்திர எண், மனைப்பிரிவு வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். வண்டி எந்த நாளில், எந்தத் தெரு வரை வர வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

கழிவுநீர் இணைப்பு கிடைக்குமா?

இங்கேதான் ரசீதுக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான பேரூராட்சிகளில் பாதாள சாக்கடையே கிடையாது. குழாயே இல்லாத ஊரில் இணைப்பு கேட்டால் மனு நிராகரிக்கப்படும். அங்கே கேட்க வேண்டியது மழைநீர் வடிகாலும், செப்டிக் டேங்க் கழிவை எடுக்க உரிமம் பெற்ற லாரியும்தான். தொட்டியை 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. தொட்டிக் குழாயை வடிகாலில் விட்டால், மனு கொடுத்தவருக்கே நோட்டீஸ் வரலாம்.

பதில் வரலைன்னா?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "எங்கள் மனைப்பிரிவில் வசூலான வளர்ச்சிக் கட்டணம் எவ்வளவு, எதற்குச் செலவானது?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், பேச்சு ரசீதிலிருந்து கணக்குக்கு மாறிவிடும்.