எண் ஒன்று, பொருள் வேறு

உயரம் 116 செ.மீ., எடை 20.5 கிலோ. இந்த ஆறு வயதுச் சிறுவனின் பிஎம்ஐ சுமார் 15.2. பெரியவர்களுக்கான 18.5 என்ற எல்லையை வைத்துப் பார்த்தால் கடுமையான மெலிவு. வீட்டில் நெய்யும் சத்துமாவும் பாடாய்ப்படுத்தத் தொடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடமோ அவனை 50ஆம் சதமானத்துக்கு அருகில் வைக்கிறது. அதாவது, அதே வயதுச் சிறுவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் பிஎம்ஐ அவனுடையதைவிடக் குறைவு.

கைக்குழந்தையின் கொழுகொழுப்பு வடிந்து, பிஎம்ஐ ஐந்து, ஆறு வயதில் அடிமட்டத்துக்கு வந்து, பிறகே ஏறுகிறது. ஆகவே ஒரே எல்லைக்கோடு எல்லா வயதுக்கும் பொருந்தாது.

அதே உயரத்தில் 25.6 கிலோ இருந்தால் பிஎம்ஐ 19. பெரியவருக்கு அது இயல்பு, பதினைந்து வயதுப் பையனுக்கும் சராசரிக்குப் பக்கம்தான். ஆறு வயதில் உடற்பருமன்!

மருத்துவரிடம் எண்ணை மட்டும் கேட்காதீர்கள், வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.