செல்பேசியில் ஒரு மாதக் கணக்கு

"இனி கணினியே தேவையில்லை, செல்பேசியை மானிட்டரில் செருகினால் போதும்" என்று விளம்பரம் சொல்லும். "அதெல்லாம் விளையாட்டுச் சாமான், அலுவலக வேலைக்கு ஆகாது" என்று கணினிக்கடைக்காரர் சொல்வார். இரண்டு பேருக்கும் விற்க ஏதோ இருக்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது, அது எங்கே என்று பார்க்க ஒரே வழி ஒரு மாத வேலையை அதில் முழுசாகச் செய்து பார்ப்பதுதான்.

இந்த யோசனை புதிதில்லை. 2011-ல் மோட்டரோலா அட்ரிக்ஸ் என்ற செல்பேசியைப் பின்னால் செருகும் லேப்டாப் கூடு ஒன்று வந்தது, போயும் விட்டது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் லூமியா 950-ல் கன்டினியம் என்று முயன்றது, அந்தச் செல்பேசிகளே இன்று இல்லை. 2017-ல் கேலக்ஸி எஸ்8-உடன் வந்த சாம்சங் டெக்ஸ்தான் தாக்குப்பிடித்தது. முதலில் அதற்கென்று தனியாக ஒரு பீடம் வாங்கவேண்டும். 2018-ல் நோட் 9 வந்தபோது பீடம் போய், ஒரு சாதாரணக் கேபிளே போதும் என்றானது. விஷயம் சூடு பிடித்தது அப்போதுதான்.

ஆனால் அந்த "சாதாரணக் கேபிள்" என்ற சொல்லில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள். டைப்-சி துளை இருக்கும் செல்பேசி எல்லாவற்றிலும் படம் வெளியே வராது. அந்தத் துளைக்குள் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருக்கவேண்டும். விலை குறைந்த செல்பேசிகள் பலவற்றில் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2.0 மட்டுமே. துளையின் வடிவம் புதுசு, உள்ளே ஓடும் கம்பி பழசு. சாம்சங்கிலும் எஸ் வரிசையிலும் ஃபோல்டிலும் டெக்ஸ் உண்டு, ஏ, எம் வரிசைகளில் அநேகமாகக் கிடையாது. வாங்குமுன் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் யுஎஸ்பி 3 என்றும் டிஸ்ப்ளேபோர்ட் என்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது. அதேபோல பெட்டியோடு வந்த சார்ஜர் கேபிளை மானிட்டருக்கு இழுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று அழுவதிலும் அர்த்தமில்லை. அந்தக் கேபிள்களில் பெரும்பாலும் படத்துக்கான கம்பிகளே இருக்காது.

சரி, ஆளைப் பார்ப்போம். மாலை வேளையில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு கல்லூரி மாணவன் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய லேப்டாப் தாய்ப்பலகை போய்விட்டது. இன்னொன்று செகண்ட் ஹேண்டில் வாங்க 20,000 ரூபாயாவது வேண்டும். கையில் இருப்பது அண்ணன் கொடுத்த பழைய எஸ் வரிசை செல்பேசி, வீட்டில் ஒரு பழைய மானிட்டர். 20,000 ரூபாயா, ஒரு ஹப் வாங்கும் சில்லறைக் காசா என்பதுதான் கேள்வி. அவனுக்கு அது சின்னக் கேள்வி இல்லை.

முதலில் ஹப். டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் ஒற்றைக் கேபிள் மலிவு. ஆனால் செல்பேசியில் இருப்பது ஒரே துளை, அதையும் அடைத்துவிட்டால் சார்ஜ் ஏற வழியில்லை. மூன்று மணி நேரம் கணக்கு எழுதுகிறவனுக்கு அது ஆகாது. எச்டிஎம்ஐ, இரண்டு யுஎஸ்பி, அதோடு சார்ஜரைச் செருக பிடி என்று குறித்த ஒரு துளை, இவ்வளவும் உள்ள ஹப் வேண்டும். அவனுடைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஒரு சின்னப் பெட்டியும் சேரும். வெறும் கம்பியாக இருக்கும் மலிவு விஜிஏ கேபிள் உதவாது, உள்ளே மாற்றும் சில்லு இருக்கவேண்டும்.

மாட்டும்போது சார்ஜரை முதலில் ஹப்பில் செருகிவிட்டு, பிறகு ஹப்பை செல்பேசியில் செருகுவது நல்லது. நடுவில் சார்ஜரைப் பிடுங்கினாலோ சேர்த்தாலோ மின்சாரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போவது என்று ஹப்பும் செல்பேசியும் மறுபடி பேசி முடிவெடுக்கும், அந்தச் சில நொடி திரை கறுப்பாகும். ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் மவுஸைத் திட்டவேண்டாம். யுஎஸ்பி 3 ஹப் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ரிசீவரை ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

இனி மாத வேலை. கடை ஒன்று தனிநபர் நிறுவனம், மாதம் 140 பில், அதில் ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போனது 40. கடைக்காரர் பில்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். லேப்டாப் இருந்த காலத்தில் இவற்றைச் செல்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றுவதே ஒரு வேலையாக இருந்தது. இப்போது படம் வந்து விழும் இடமும் கணக்கு எழுதும் இடமும் ஒன்றேதான். இடப்பக்கம் பில், வலப்பக்கம் விரிதாள், எண்களைத் தட்ட தனி எண்விசைகள். இந்த இடத்தில் டெக்ஸ் லேப்டாப்பை விட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். பத்து அங்குலத்துக்கும் குறைந்த திரையில் விரலால் கணக்கு எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது கொள்முதலைச் சரிபார்ப்பது. ஜிஎஸ்டி தளத்திலிருந்து ஜிஎஸ்டிஆர்-2பி-ஐ எக்செல் கோப்பாக இறக்கி, கடையின் கொள்முதல் பதிவோடு பில் எண் வாரியாக ஒப்பிடவேண்டும். வி-லுக்அப் சூத்திரம் ஆண்ட்ராய்டு எக்செல்லில் ஓடுகிறது. எந்த விற்பனையாளர் பில்லை ஏற்றாமல் விட்டார் என்பது பிழைக் குறியோடு பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் லேப்டாப்பில் மேக்ரோ எழுதி வைத்திருந்தவருக்கு இங்கே வழி இல்லை. ஆண்ட்ராய்டு எக்செல் மேக்ரோக்களை ஓட்டாது. கோப்பு திறக்கும், பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

இன்னொரு வேலை ஜிஎஸ்டிஆர்-1. பில்கள் அதிகமாக இருந்தால் விண்டோஸுக்கான ஆஃப்லைன் கருவியில் போட்டுக் கோப்பாக ஏற்றுவார்கள், அது செல்பேசியில் ஓடாது. 40 பில் என்றால் தளத்திலேயே ஒவ்வொன்றாகத் தட்டிவிடலாம். பிரவுசரில் டெஸ்க்டாப் தளம் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளவேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. செல்பேசியின் நினைவகம் நிறைந்தால் ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கும் பக்கங்களைக் கேட்காமல் மூடிவிடும். விரிதாளில் பத்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பினால் பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றிக்கொண்டிருக்கும், பாதி நிரப்பிய படிவம் காலி. கணினியில் வளர்ந்த கைகளுக்கு இது பிடிபடச் சில நாள் ஆகும். ஒவ்வொரு பில்லுக்கும் சேவ் அழுத்திவிட்டுத்தான் அடுத்த ஜன்னலுக்குப் போகவேண்டும்.

மின்வெட்டு வந்தால்? யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினி அப்படியே அணைந்துவிடும். செல்பேசியில் பேட்டரி இருப்பதால் அது உயிரோடு இருக்கும். ஆனால் மானிட்டர் போய்விடுவதால் டெக்ஸ் முடிந்து, திறந்திருந்த ஜன்னல்கள் மூடிக்கொள்ளலாம். விரிதாள் தானாகச் சேமித்திருக்கும். பிரவுசரில் சேமிக்காமல் விட்டது போனது போனதுதான்.

ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள்ளும் ஜிஎஸ்டிஆர்-3பி-ஐ 20-ஆம் தேதிக்குள்ளும் முடிக்கவேண்டும். தனிநபர் நிறுவனம் என்பதால் கடைக்காரரின் எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்தே தாக்கல் செய்துவிடலாம். அதைக் கேட்க அவரை அழைப்பதும் இதே செல்பேசியில்தான். பேசிக்கொண்டிருக்கும்போது மானிட்டரில் இருப்பது அப்படியே இருக்கும். (நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் பெரிய திரையில் எட்டிப்பார்க்கும், கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அறிவிப்புகளை அணைத்து வைப்பது நலம் :-))

ஆக முதல் கடை தேறிவிட்டது. இரண்டாவது கடையில்தான் சிக்கல். அங்கே கணக்கு டாலியில். டாலி விண்டோஸ் மென்பொருள், ஆண்ட்ராய்டில் ஓடாது. கடையில் இருக்கும் கணினியைத் திறந்து வைத்து, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் செல்பேசியிலிருந்து அதற்குள் நுழையலாம். பார்க்க வேலை செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் டாலியை ஓட்டுகிறவர்கள் மவுஸைத் தொடுவதே இல்லை. ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, பின்வாங்க எஸ்கேப் என்று விரல் தானாகப் போகும். சின்ன ப்ளூடூத் கீபோர்டுகளில் எஃப் விசைகள் ஒலியையும் வெளிச்சத்தையும் மாற்றப் போய்விடும், எஃப்என்-ஐச் சேர்த்து அழுத்தவேண்டும். எஸ்கேப்பை ஆண்ட்ராய்டு சில நேரம் தனக்கான பின்செல் பொத்தான் என்று எடுத்துக்கொள்ளும். பாதிப் பதிவில் இருக்கும்போது ரிமோட் ஜன்னலே வெளியேறினால் வரும் கோபத்தைச் சொல்லி மாளாது. 10 பதிவு என்றால் பொறுக்கலாம். 300 பதிவு என்றால் பஸ் ஏறிக் கடைக்கே போய்விடுவது மேல்.

அந்தக் கடை ஒரு தனியார் நிறுவனமாகப் பதிவானது என்றால் கதவே அடைபட்டுவிடும். நிறுவனங்கள் டிஎஸ்சி எனப்படும் மின்கையொப்பத்தால் தாக்கல் செய்யவேண்டும். அது யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. ஹப்பில் செருக இடம் இருக்கிறது, செருகினால் விளக்கும் எரியும். ஆனால் கையொப்பத்தைத் தளத்துக்குக் கொண்டுபோகும் எம்சைனர் மென்பொருளும் டோக்கனுக்கான டிரைவரும் கணினிக்கானவை, ஆண்ட்ராய்டுக்கு இல்லை.

அதனால் இந்த மாணவன் 20,000 ரூபாயை இந்த மாதமே செலவழிக்கவேண்டியதில்லை, ஆனால் மொத்தமாக மிச்சம் பிடித்துவிட்டதாகவும் நினைக்கக்கூடாது. கணக்கு விரிதாளிலும் பிரவுசரிலும் முடிகிற கடைகளை அவன் செல்பேசியில் வைத்துக்கொள்ளலாம். டாலியும் டோக்கனும் உள்ள கடைக்கு, வேலை ஒத்துக்கொள்ளும்போதே "உங்கள் கணினியில் உட்கார்ந்துதான் செய்வேன்" என்று சொல்லிவிடவேண்டும். கடைக்காரர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். "உன்னிடம்தான் நல்ல போன் இருக்கிறதே, மானிட்டர் மட்டும் தருகிறேன்" என்பது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் தேய்வது பையனுடைய பேட்டரி. மணிக்கணக்கில் ஒரே சமயத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டும் படம் அனுப்பிக்கொண்டும் இருக்கும் செல்பேசி நன்றாகச் சூடாகும், உறையைக் கழற்றி வைத்தாலும் கொஞ்சம்தான் குறையும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் பேட்டரி பாதுகாப்பு அமைப்பைப் போட்டு வைக்கலாம். அதற்குப் பிறகும் இரண்டு வருடத்தில் புது பேட்டரி மாற்றவேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை மானிட்டர் தரும்போதே பேசிக்கொள்வது நல்லது. அதோடு, அந்தப் பையன் வேலையை விட்டுப் போகும்போது கடையின் பில் படங்களும் விரிதாள்களும் அவன் பையிலேயே போகும். அவற்றைக் கடையின் பெயரில் உள்ள கூகுள் கணக்கில் வைக்கச் சொல்ல முதல் நாளே ஐந்து நிமிடம் போதும்.