பணம் சேர்ந்ததா, பாலிசி பிறந்ததா?

பிரீமியத்தை முகவரிடம் கொடுத்துவிட்டோம் என்பதும் நமக்குப் பாலிசி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டு வாயில்கள் உள்ளன. முகவரின் கையிலிருந்து பணம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் சேர வேண்டும். அது முதல் வாயில். சேர்ந்த பணத்தின்பேரில் நிறுவனம் நம்முடைய விண்ணப்பத்தை ஏற்று, நம் பெயரில் பாலிசியைப் பதிவு செய்ய வேண்டும். அது இரண்டாம் வாயில். இவ்விரண்டையும் பணம் கடந்ததா என்பதை நிறுவனத்தின் பதிவேடு ஒன்றே சொல்லும். முகவரின் சொல்லோ, அவர் எழுதிக் கொடுத்த ரசீதோ, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாலிசிப் பிரதியோ அதற்கு ஈடாகாது. ஆகவே, பணம் கொடுத்த ஒரு வாரத்திற்குள் ஒவ்வொரு குடும்பமும் அந்தப் பதிவேட்டைத் தானே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வாயில்கள் வெறும் கற்பனையல்ல. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் அவற்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டுமே எல்.ஐ.சி.யின் ஆயுள் காப்பீடு தொடர்பானவை. 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிரீமியத் தொகை நிறுவனத்தைச் சென்றடைந்திருந்தது. ஆனால் விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்தவர் இறந்துவிட்டார். பணத்தைப் பெற்று வைத்திருப்பது மட்டுமே ஒப்பந்தமாகாது என்று நீதிமன்றம் கூறியது. 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பில், காப்பீடு பெற்றவர் தவணைத் தொகையை முகவரிடம் காசோலையாகக் கொடுத்திருந்தார். காசோலை பணமாக்கப்பட்டது, ஆயினும் அவர் விபத்தில் இறந்த பின்னரே தொகை நிறுவனத்தில் செலுத்தப்பட்டது. பிரீமியம் வசூலிக்க அந்த முகவருக்கு அதிகாரம் இல்லாததால், அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகாது என்று தீர்ப்பாயிற்று. முன்னது இரண்டாம் வாயிலிலும், பின்னது முதல் வாயிலிலும் நின்றுபோன பணம்.

மருத்துவக் காப்பீட்டிலும் அடிப்படை இதுவே. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது என்கிறது. முகவர் வசூலித்த தொகையை, தம் தரகுப் பணத்தைக்கூடக் கழிக்காமல், விடுமுறை நாள்கள் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நிறுவனத்திற்குச் செலுத்தவோ அனுப்பவோ வேண்டும் என்றும் அதே பிரிவு விதிக்கிறது. “கணினியில் ஏற பத்து நாளாகும்” என்று யாரேனும் சொன்னால், இந்த விதியை நினைவில் கொள்க.

சரிபார்ப்பதில் முதன்மையானது, கேள்வியை எங்கே கேட்கிறோம் என்பது. முகவர் அனுப்பிய பிரதியில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். அதிலுள்ள கட்டச் சங்கேதக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டி வரும் பக்கத்தையும் நம்பாதீர்கள். பிரதியே போலியாயின் அவையும் போலியாகவே இருக்கும். நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்குள்ள கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் பழகாதவர்கள், ஆதார் அட்டையையும் பாலிசிப் பிரதியையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்திற்கே செல்லலாம்.

அடுத்தது, எதைக் கேட்பது என்பது. “பாலிசி இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் “இருக்கிறது” என்ற விடை வரக்கூடும், அது போதாது. பாலிசி எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது, யார் யார் பெயர் அதில் உள்ளது, காப்பீட்டுத் தொகை எவ்வளவு, நிறுவனத்திற்கு வந்து சேர்ந்த பிரீமியம் எவ்வளவு, என்று வந்தது, தொடர்புக்கெனப் பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஓராண்டுக்கான தொகையை நம்மிடம் வாங்கிக்கொண்டு, நிறுவனத்தில் முதல் தவணையை மட்டும் கட்டுவது உண்டு. அப்போது பாலிசி நடப்பில்தான் இருக்கும். அடுத்த தவணைக்கான சலுகைக் காலமும் கடந்ததும் காலாவதியாகிவிடும். வந்து சேர்ந்த தொகையைக் கேட்டால் அது அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். தாயாரின் பெயரைச் சேர்க்காமல் குறைந்த பிரீமியத்தில் பாலிசி எடுத்திருந்தால், பெயர்ப் பட்டியலைக் கேட்கும்போது தெரியவரும்.

உங்கள் கையில் இருப்பது பாலிசி எண்ணா, விண்ணப்ப எண்ணா என்பதையும் கேளுங்கள். பணம் வந்திருந்தும், மருத்துவப் பரிசோதனைக்காகவோ கூடுதல் விவரத்திற்காகவோ விண்ணப்பம் நிலுவையில் நிற்பதுண்டு. அதில் முகவரின் குற்றம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். எனினும் ஏற்பு வரும்வரை உங்களுக்குக் காப்பீடு இல்லை.

இறுதியாக, பாலிசி ஆவணத்தை நிறுவனமே உங்கள் மின்னஞ்சலுக்கு நேரடியாக அனுப்புமாறு கேளுங்கள். அதை முகவர் கொடுத்த பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அதில் ஏற்கெனவே உள்ள நோய்கள் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். பாலிசி உண்மையானது என்பதைப் பதிவேடு உறுதிசெய்யும். விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைத்திருந்தால் பின்னாளில் வரும் மறுப்பை அது தடுக்காது.

இவை நடைமுறையில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தைக்கு வயது 63, சர்க்கரை நோய் உண்டு. தாய்க்கு வயது 58. இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய்க்கான பாலிசி, நான்கு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ஜூன் 10 நள்ளிரவோடு அது முடிகிறது. ஜூன் 4 அன்று மகன் 31,200 ரூபாயை யுபிஐ வழியாக முகவரின் சொந்த எண்ணுக்கு அனுப்புகிறார். நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் புதிய பாலிசி வருகிறது. பார்வைக்குக் குறையில்லை, பழைய எண், புதிய ஆண்டு.

ஜூன் 14 அன்று மகன் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து அழைக்கிறார். எதிர்முனையில் இருப்பவர், “நீங்கள் அழைக்கும் எண் எங்கள் பதிவில் இல்லை” என்கிறார். அதுவே முதல் தகவல். முகவர் தம் எண்ணையே பதிந்து வைத்திருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல், ரசீதுச் செய்தி, ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். குடும்பத்தாருக்கு எந்தச் செய்தியும் வராது. பிறந்த தேதி முதலிய விவரங்களைச் சொன்னபின் இரண்டாம் தகவல் கிடைக்கிறது: பாலிசி ஜூன் 10 அன்று முடிந்துவிட்டது, புதுப்பிப்புத் தொகை எதுவும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுவார்கள். முகவரைத் தேடுவதிலும், “நாளைக் கட்டிவிடுகிறேன்” என்ற வாக்குறுதிகளைக் கேட்பதிலும் நாள்கள் கழியும். ஆண்டுப் பிரீமியம் கட்டும் மருத்துவப் பாலிசிக்கு முடிவு நாளிலிருந்து முப்பது நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் புதுப்பித்தால், கடந்த ஆண்டுகளில் சேர்ந்த உரிமைகள் தொடரும். எனவே அந்த மகன் செய்ய வேண்டியது, அன்றைக்கே தம் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனத்திற்கு நேரடியாக 31,200 ரூபாயைச் செலுத்துவதாகும். இரண்டு முறை பணம் கட்டுவது மனத்தை உறுத்தும். ஆனால் முகவரிடம் போன பணத்தைப் பின்னர் கேட்டுப் போராடலாம். போன தொடர்ச்சியை மீட்பது மிகக் கடினம்.

ஜூன் 11 முதல் பணம் செலுத்திய நாள்வரை நேர்ந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காது. அந்த இழப்பு மூன்றரை நாளோடு நின்றது. அவர் அழைக்காமலேயே இருந்து, ஆகஸ்டில் தந்தைக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தால்? மருத்துவமனை முன்அனுமதி கோரும். பாலிசி நடப்பில் இல்லை என்ற விடை வரும். சிகிச்சைச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். அதன்பின் புதிய பாலிசி கேட்டாலும், 63 வயதில் இதய நோயோடும் சர்க்கரையோடும் விண்ணப்பிப்பவரை நிறுவனம் மறுக்கலாம்; ஏற்றாலும் அந்நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும்.

தொடர்ச்சியைக் காத்தபின், முதலில் கொடுத்த தொகைக்கான முறையீடு. யுபிஐ பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் செய்தி, போலிப் பிரதி ஆகியவற்றை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்ப வேண்டும். நிறைவான விடை கிடைக்காவிடில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் (bimabharosa.irdai.gov.in) பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணையும் அழைக்கலாம். ஒரு மாதத்திற்குள் தீர்வு வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழகத்தார்க்கு அந்த அலுவலகம் சென்னையில் உள்ளது. அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தது காவல்துறையில் புகார் செய்யத்தக்க குற்றம்.

“முகவர் நமக்கு உறவினர், அப்பா காலத்துப் பழக்கம்; சரிபார்த்தால் வருத்தப்படுவாரே” என்ற தயக்கத்தை நான் அறிவேன். வங்கியில் பணம் கட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைத்ததைப் பார்க்கிறோம். காசாளர் அதை அவமதிப்பாகக் கருதுவதில்லை. நேர்மையான முகவருக்கும் இதனால் நன்மையே: விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அவருக்கும் அன்றே தெரியவரும், பழி அவர்மேல் விழாது. அடுத்த முறை பிரீமியத்தை நிறுவனத்தின் பெயருக்கே செலுத்திவிட்டு, படிவம் நிரப்பவும் விளக்கம் பெறவும் அவருடைய உதவியை நாடினால், உறவும் கெடாது. பணமும் முதல் வாயிலில் நிற்காது.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள், சேர்க்கை நாளுக்குக் காத்திராமல் இந்த வாரமே அந்த அழைப்பைச் செய்யுங்கள். பாலிசியின் முடிவு நாள், பெயர்கள், வந்து சேர்ந்த தொகை, பதிவான கைப்பேசி எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, நோயாளியின் மருத்துவக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.